படுக்கும்போது ஒன்று, எழுந்ததும் ஒன்று: 5 வருடத் தொலைபேசி ஆலோசனையில் நான் மாற்றிக்கொண்டவை

எனக்கு டைப் 2 சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் மாத்திரையோடு, இரவில் 14 யூனிட் நீண்டநேர இன்சுலின். 3 மாதத்துக்கு ஒரு முறை டாக்டரோடு போனிலோ வீடியோவிலோ பேசுவேன். கிடைப்பது 10, 12 நிமிடம்தான்.

முதல் வருடம் அந்த நேரத்தில் பாதியை நோட்டுப் புத்தகத்தை வாசித்தே தீர்த்தேன். நான் 90 எண்களைச் சொல்ல, அவர் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருப்பார். எல்லாமே காலையில் வெறும் வயிற்றில் எடுத்தவை.

ஒரு முறை காலை அளவுகள் 171, 165, 178 என்று வந்தன. இன்சுலினைக் கூட்டிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ, "படுக்கும்போது எவ்வளவு இருந்தது?" என்றார். நான் பார்த்ததே இல்லை. "அப்படின்னா இப்ப டோஸைத் தொட மாட்டேன். 4 நாள் ரெண்டு நேரமும் பார்த்து அனுப்புங்க" என்று முடித்துவிட்டார். அன்று எரிச்சலாகத்தான் இருந்தது.

அனுப்பியது இதுதான். முதல் 3 இரவுகளில் படுக்கும்போது 184, 192, 176. காலையில் 171, 178, 165. நான்காம் நாள் இரவுச் சாப்பாட்டை 7 மணிக்கே முடித்திருந்தேன். அன்று படுக்கும்போது 131, காலையில் 118. அதாவது இரவில் சர்க்கரை ஏறவே இல்லை, 11 முதல் 14 வரை இறங்கித்தான் இருக்கிறது. படுக்கும்போதே அதிகமாக இருந்ததுதான் காலையிலும் தெரிந்திருக்கிறது. காலை எண்ணை மட்டும் பார்த்து இன்சுலினைக் கூட்டியிருந்தால், 131-இல் படுத்த அந்த இரவில் அளவு தாழ்ந்துபோக வாய்ப்பிருந்தது. டோஸ் அப்படியே நின்றது; பேச்சு இரவுச் சாப்பாட்டின் நேரத்துக்கும் அளவுக்கும் போனது. படுக்கும்போது 130 இருந்து காலையில் 180 ஆகியிருந்தால் கதையே வேறு.

அன்றிலிருந்து, ஆலோசனைக்கு முந்தைய வாரம் மட்டும் ஜோடியாக எழுதுகிறேன். ஒரு நாளுக்கு ஒரு வரி: "செவ்வாய்: சாப்பாடு 9.30, படுக்கும்போது 192, இன்சுலின் 14, காலை 6.15-க்கு 178." இடையில் 2 நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, சாப்பிட ஆரம்பித்து 2 மணி நேரம் கழித்து ஒன்று. இதை முந்தைய நாளே அனுப்பிவிடுவேன். ஊசி போட மறந்த நாளையும் எழுதிவிடுவேன். அதை மறைத்தால், போட்டும் குறையவில்லை என்று நினைத்து டோஸைக் கூட்டிவிடுவார்கள்.

மீட்டரின் மெமரியைப் படமெடுத்து அனுப்பினால் போதுமே என்று ஒரு முறை சோம்பேறித்தனம் செய்தேன். பேட்டரி மாற்றியதில் கடிகாரம் பழைய நிலைக்குப் போயிருந்தது தெரியாது. இரவு எடுத்தவை எல்லாம் நண்பகல் என்று காட்டின. அன்றைய பேச்சு பாதி அதிலேயே போனது. இப்போது முதலில் மீட்டரின் மணியைத்தான் பார்ப்பேன். இன்னொன்று, பழம் உரித்த கையோடு குத்தியபோது 241 காட்டியது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு வேறு விரலில் எடுத்தேன்: 152! ஒட்டாத எண் வந்தால் இப்படித் திரும்ப எடுத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கேள்விகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். முக்கியமானதை முதலில் கேட்டுவிட வேண்டும். "சர்க்கரை ஏன் கூடுது?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "காலையில் எந்த எண்ணுக்குக் கீழே தொடர்ந்து வந்தால் இன்சுலினைக் குறைக்கணும், எத்தனை யூனிட்?", "வாந்தியில் சாப்பிட முடியாத நாளில் மெட்ஃபார்மினை நிறுத்தணுமா, இன்சுலினை என்ன செய்யணும்?" என்று கேட்டால் எழுதிவைத்துக்கொள்ளும்படி பதில் கிடைக்கிறது. அப்புறம், 70-க்குக் கீழே இறங்கினால் ஆலோசனை நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. எனக்குச் சொல்லப்பட்ட முறை: உடனே 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. அது நடந்த நேரத்தை மட்டும் பட்டியலின் தலையில் எழுதுவேன்.

வீடியோவால் ஆகாதவையும் உண்டு. காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். ஊசி போடும் இடத்தில் தடிப்பு இருப்பதாக எனக்குச் சந்தேகம் வந்தபோது கேமராவில் ஒன்றும் தெரியவில்லை; நேரில் போனபோதுதான் டாக்டர் விரலால் தடவிக் கண்டுபிடித்தார். தடித்த இடத்தில் போட்டால் மருந்து சீராகச் சேராது என்று இடத்தை மாற்றச் சொன்னார்.

இணைப்பு கரகரக்கும்போது "பதினாலு", "பதினாறு" இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். ஒரு முறை தவறாகக் கேட்டு 16 போட இருந்தேன். அதனால் போனை வைக்கும் முன், "ஒன்று, நான்கு, பதினாலு யூனிட்தானே?" என்று திருப்பிச் சொல்லிவிட்டு, அதையே எழுத்திலும் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்கிறேன்.