பிளெய்ன் டெக்ஸ்டாக பேஸ்ட் செய்வது: நான்கு வருட அனுபவம்

எங்கள் ஊரில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அறுபது பேருக்கு ஞாயிறுதோறும் ஒரு மெயில் அனுப்புகிறேன். அந்த வாரம் வந்த வேலை அறிவிப்பு, உதவித்தொகை, கட்டணம், கடைசி நாள் எல்லாம் அதில் இருக்கும். நானாக எழுதுவது நாலைந்து வரிதான். மற்றதெல்லாம் இணையப் பக்கங்களிலிருந்து காப்பி செய்து ஜிமெயிலில் பேஸ்ட் செய்வது. நான்கு வருடம் இதையே செய்ததில், பேஸ்ட் என்ற ஒரு சின்ன வேலைக்குள் எவ்வளவு நடக்கிறது என்று நன்றாகவே தெரிந்துவிட்டது.

முதல் ஆறு மாதம் எல்லோரையும் போல Ctrl+V தான். மெயில் பார்க்க ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கும். ஒரு பத்தி பெரிய எழுத்து, அடுத்தது சின்னது, ஒன்று சாம்பல் நிறம், இன்னொன்று நீலம். அழகில்லை, அவ்வளவுதானே என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு ஒரு மாணவி போன் செய்தாள். "அண்ணா, மெயில் முழுக்க வெள்ளை வெள்ளையா பட்டை போட்டிருக்கு. நடுவுல நீங்க எழுதினது மட்டும்தான் ஒழுங்கா தெரியுது. கண்ணு கூசுது" என்றாள். அவள் படிப்பது இரவில், விளக்கை அணைத்த பிறகு, போனை டார்க் மோடில் வைத்துக்கொண்டு. வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் தூங்குவார்கள். அதைக் கேட்ட பிறகு இதை அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை.

அந்த வெள்ளைப் பட்டை எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். ஜிமெயிலில் மெயில் எழுதும் பெட்டிக்குள் பேஸ்ட் செய்த வரியின் மேல் வலது கிளிக் செய்து Inspect என்று கொடுத்தால், அந்த வரியோடு என்னென்ன கூட வந்திருக்கிறது என்று பார்க்கலாம். நான் பார்த்தபோது ஏறக்குறைய இப்படி இருந்தது:

```
<span style="color: rgb(33, 37, 41);
 font-family: Roboto, sans-serif;
 font-size: 18px;
 background-color: rgb(255, 255, 255);">
கட்டணம்: ரூ. 300</span>
```

நான் எடுக்க நினைத்தது கடைசி வரி மட்டும். கூடவே நிறம், ஃபான்ட், அளவு, பின்னணி என நான்கு கட்டளைகள் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. காப்பி செய்யும்போது பிரவுசர் ஒரே விஷயத்தைக் கிளிப்போர்டில் இரண்டு விதமாக வைக்கிறது. ஒன்று வெறும் எழுத்து, அதாவது பிளெய்ன் டெக்ஸ்ட். மற்றது இப்படி அலங்காரத்தோடு கூடிய HTML. அந்தப் பக்கத்தின் ஸ்டைல் வேறொரு கோப்பில் இருந்தாலும், பேஸ்ட் செய்யும் இடத்தில் அது கிடைக்காது என்பதால் குரோம் போன்ற பிரவுசர்களே அந்த விவரங்களை ஒவ்வொரு துண்டிலும் எழுதி அனுப்புகின்றன. மெயில் பெட்டி இரண்டையும் பார்க்கிறது, அலங்காரமுள்ளதை எடுத்துக்கொள்கிறது. வேர்டு போன்ற மென்பொருளும் அப்படித்தான். வாட்ஸப்பில் இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம், அது வெறும் எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்வதுதான்.

இப்போது அந்த background-color வரியைப் பாருங்கள். பின்னணி வெள்ளை என்று நான் அறியாமலே கட்டளை போட்டு அனுப்பியிருக்கிறேன். டார்க் மோடில் சில மெயில் செயலிகள் அதையும் சேர்த்துக் கறுப்பாக்கிவிடும். சில செயலிகள் அனுப்பியவர் சொன்னபடியே வெள்ளையாக விட்டுவிடும். அந்தப் பெண்ணின் போனில் இருந்தது இரண்டாவது வகை. இதற்கு நேர்மாறும் உண்டு. டார்க் மோடில் இருக்கும் ஒரு பக்கத்திலிருந்து காப்பி செய்தால் எழுத்தின் வெளிர்நிறம் கூட வரும். பின்னணி வராமல் எழுத்து மட்டும் வந்தால் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்துதான். காலி இடம் போலத் தெரியும் பகுதியை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் எழுத்து தெரியவரும்.

இன்னொன்று, பேஸ்ட் செய்து முடித்த இடத்திலிருந்தே தொடர்ந்து டைப் செய்தால், நாம் அடிப்பதும் அதே நிறத்தில் அதே அளவில் வரும். கர்சர் இன்னும் மேலே பார்த்த அந்த span துண்டுக்கு உள்ளேயே நிற்கிறது. எனக்கு வெகுநாள் புரியாமல் இருந்தது இது. என் சொந்த வரிகள் ஏன் பாதியில் நிறம் மாறுகின்றன என்று குழம்பியிருக்கிறேன்.

சரி, இதற்கு வழி Ctrl+Shift+V. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் ஜிமெயில் பெட்டிக்குள் வெறும் எழுத்து மட்டும் இறங்கும். மேக்கில் குரோம் என்றால் Cmd+Shift+V, ஆப்பிளின் சொந்த மெயிலில் Option+Shift+Cmd+V. லிப்ரே ஆபிஸில் Ctrl+Alt+Shift+V. ஆண்ட்ராய்டு போனில் விரலை அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில் Paste பக்கத்திலேயே Paste as plain text இருக்கும். கிளிப்போர்டில் அலங்காரத்தோடு ஏதாவது இருந்தால்தான் அது தென்படும். வேர்டில் மட்டும் நான் விசையை நம்புவதில்லை. File, Options, Advanced போய், Cut, copy, and paste என்ற பகுதியில் Pasting from other programs என்பதை Keep Text Only என்று ஒரு தடவை மாற்றி வைத்துவிட்டேன். அதன் பிறகு சாதாரண Ctrl+V-யே போதும்.

இதற்கு முன் சில மாதம் நோட்பேடில் போட்டு, அங்கிருந்து மறுபடி காப்பி செய்து மெயிலில் ஒட்டினேன். வேலை நடக்கும். ஆனால் ஒரு மெயிலுக்கு இருபது துண்டு எடுப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. ஏற்கெனவே பேஸ்ட் ஆகிவிட்ட பகுதியைச் சரிசெய்ய ஜிமெயிலில் Remove formatting உண்டு, விசை Ctrl+\. தேர்ந்தெடுத்த பகுதியின் நிறத்தையும் ஃபான்ட்டையும் நீக்கிவிடும், லிங்க்கைத் தொடாது. லிங்க் வேண்டும், அலங்காரம் வேண்டாம் என்கிற இடத்தில் இது Ctrl+Shift+V-யை விடச் சௌகரியம். மெயில் முழுவதையும் Plain text mode-க்கு மாற்றும் வசதியையும் பார்த்தேன். அதில் நீள வரிகளை ஜிமெயிலே வெட்டி அனுப்புகிறது. போனில் படிக்கும்போது வரிகள் அரையும் குறையுமாக உடைந்து நிற்கும். இரண்டு வாரத்தில் விட்டுவிட்டேன்.

இதுவரை நல்லது மட்டும்தான் சொன்னேன். நான் பெரிதாகப் பட்ட அடி Ctrl+Shift+V-க்கு மாறிய பிறகுதான். 2024 மார்ச்சில் ஒரு அறிவிப்பு. விண்ணப்பிக்கும் கெடுவை ஒரு வாரம் நீட்டித்திருந்தார்கள். அந்த இணையப் பக்கத்தில் பழைய தேதியின் குறுக்கே கோடு போட்டு, அருகில் புதிய தேதியைச் சிவப்பில் போட்டிருந்தார்கள். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. நான் பிளெய்ன் டெக்ஸ்டாக எடுத்தேன். மெயிலில் போனது இது:

```
கடைசி நாள்: 15.03.2024 22.03.2024
```

கோடு என்பது அலங்காரம், அதனால் போய்விட்டது. சிவப்பும் அலங்காரம், அதுவும் போய்விட்டது. மெயில் போனது 17-ஆம் தேதி. ஒரு பையன் முதல் தேதியைப் பார்த்தான், முடிந்துவிட்டது என்று மெயிலை மூடிவிட்டான். 20-ஆம் தேதி வேறு ஏதோ கேட்கப் போன் செய்தவன், பேச்சுவாக்கில் "அது போயிடுச்சுல்லண்ணா" என்றான். இல்லைப்பா, இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று சொல்லி அன்றே விண்ணப்பிக்க வைத்தேன். அவன் அன்று போன் செய்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

அதிலிருந்து பேஸ்ட் செய்ததும் அசல் பக்கத்தைத் திரும்ப ஒரு முறை பார்க்காமல் அடுத்த துண்டுக்குப் போவதில்லை. முதலில் பார்ப்பது குறுக்குக் கோடு. அடுத்தது மேலே தூக்கி எழுதிய எண். கணிதப் பாடத்திட்டத்தில் 2-இன் ஐந்தாம் அடுக்கு என்று இருப்பது பிளெய்ன் டெக்ஸ்டில் 25 ஆகிவிடும். எழுத்துப்பிழை மாதிரி உறுத்தாது, சரியான எண் போலவே உட்கார்ந்திருக்கும். அதுதான் அதில் உள்ள ஆபத்து. அப்புறம் லிங்க். "விண்ணப்பிக்க இங்கே" என்ற சொற்கள் வந்துவிடும், அழுத்தினால் எங்கும் போகாது. அசல் பக்கத்தில் அந்த லிங்க்கின் மேல் வலது கிளிக் செய்து Copy link address என்று எடுத்து, முகவரியைத் தனி வரியாகக் கீழே போடுகிறேன். அட்டவணைகளுக்கு மட்டும் பிளெய்ன் டெக்ஸ்ட் சரிப்படாது. கட்டம் போனதும் எந்தக் கட்டணம் எந்தப் பிரிவுக்கு என்பது கலந்துவிடும். அவற்றை நானே வாக்கியமாக எழுதிவிடுகிறேன்.

தமிழில் வரும் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். யூனிகோட் பரவுவதற்கு முன் உருவான சில பழைய பக்கங்களும் கோப்புகளும் இன்னும் பாமினி போன்ற ஃபான்ட்டில் இருக்கின்றன. அதில் திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில விசை எழுத்துகள்தான். தமிழ் வடிவத்தைக் கொடுப்பது ஃபான்ட் மட்டும். அதைப் பிளெய்ன் டெக்ஸ்டாக எடுத்தால் ஃபான்ட் கழன்றுவிடும். தமிழ் என்ற சொல் `jkpo;` என்றும், அம்மா என்பது `mk;kh` என்றும் வந்து விழும். முதல் தடவை பார்த்தபோது கம்ப்யூட்டரில் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்தேன். Ctrl+V-யில் எடுத்தால் என் திரையில் சரியாகத் தெரியலாம். ஆனால் அந்த ஃபான்ட் இல்லாத போனில் பிள்ளைகளுக்கு இதே கிறுக்கல்தான் போகும். ஆக, பிளெய்ன் டெக்ஸ்ட் இங்கே எதையும் கெடுக்கவில்லை. அனுப்பிய பிறகு தெரியவந்திருக்கும் சிக்கலை அனுப்பும் முன்பே காட்டிவிட்டது. இணையத்தில் கிடைக்கும் பாமினி–யூனிகோட் மாற்றியில் அந்த எழுத்துகளைப் போட்டு, மாற்றி வந்ததைப் படித்துச் சரிபார்த்து ஒட்டுகிறேன்.

இப்போது ஒரு மெயில் தயாரிக்க எனக்கு முன்பைவிடக் கால் மணி நேரம் கூடுதலாகிறது. திரும்பப் பார்ப்பதற்கு ஆகும் நேரம் அது. அனுப்பும் முன் எனக்கே ஒரு பிரதி அனுப்பி, போனை டார்க் மோடில் வைத்து ஒரு முறை படித்துவிட்டுத்தான் அறுபது பேருக்கும் அனுப்புகிறேன்.