பிளாஸ்க் மூடியா, கண்ணாடிக் கிளாஸா, டபரா டம்ளரா: தேநீரின் சூட்டை முன்வைத்து ஓர் ஒப்பீடு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு சிறிய கொலுசுப் பட்டறையை நடத்தி வருகிறேன். காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்று நாளுக்கு மூன்று முறை தேநீர் வரும். பல ஆண்டுகளாக அது பிளாஸ்க்கில்தான் வந்தது. அவரவர் பங்கைப் பிளாஸ்க் மூடியிலோ காகிதக் குவளையிலோ ஊற்றிக் குடிப்போம். சென்ற ஆண்டு ஒரு காலையில், சரக்கு அனுப்பும் அவசரத்தில், மூடியில் ஊற்றிய தேநீரை இரண்டே மிடறில் விழுங்கினேன். நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு கோடு இழுத்ததுபோல எரிந்தது. அன்று மாலை இட்லியை விழுங்கும்போதும் அதே இடம் வலித்தது. வலி மூன்று நாள் ஆகியும் குறையாததால் எண்டோஸ்கோப்பி செய்துகொண்டேன். உணவுக்குழாயின் உட்சுவரில் வெள்ளையும் சிவப்புமாக மாறி மாறிப் பட்டைகள் தெரிந்தன. சூடான திரவம் சுட்ட குழாயில் இத்தகைய பட்டைகளைக் காண்பதுண்டு என்றும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையுடன் சில வாரங்களில் ஆறிவிடும் என்றும் மருத்துவர் விளக்கினார். அப்படியே ஆறியும் விட்டது. அதன் பிறகுதான் பட்டறைக்கு எந்தப் பாத்திரம் பொருந்தும் என்ற கேள்வி எழுந்தது.

ஒரு முறை சுட்டுக்கொள்வது ஒன்று. நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுட்டுக்கொள்வது வேறு. உணவுக்குழாயின் உட்சுவரை மூடியிருப்பது தோலைப் போலப் பல அடுக்குள்ள, செதில் போன்ற தட்டையான உயிரணுக்கள்தான் என்றாலும், தோலின் மேல் இருக்கும் காய்ந்த கொம்புப் படலம் அங்கே இல்லை. சூடு திரும்பத் திரும்பப் படும்போது அந்த அடுக்கு அழன்று, உதிர்ந்து, தன்னைச் சரிசெய்துகொள்ள வேகமாகப் பெருகுகிறது. அந்தத் தொடர் அழற்சியே புற்றுநோய்க்கு வழிவிடலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 65 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் பானம் குடிப்பதை 'மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் வைத்தது. இங்கே குற்றவாளி தேயிலையோ காபிக்கொட்டையோ அன்று, சூடுதான். காபி விளைவிக்கும் ஏற்காட்டுக்காரர்கள் நிம்மதியடையலாம்: அதே கூட்டத்தில்தான் காபியின் மேல் முன்பு இருந்த ஐயப்பாட்டை முகமை தளர்த்தியது.

எனக்குப் பயன்பட்ட ஆய்வு, வடக்கு ஈரானின் கோலெஸ்தான் மாகாணத்தில் நடந்தது. அங்கே புகைப்பழக்கமும் மதுவும் குறைவு, உணவுக்குழாய்ப் புற்றுநோயோ அதிகம், தேநீரோ மிகச் சூடாக நிறையக் குடிக்கப்படுகிறது. 2009இல் வெளியான முடிவுகளில், ஊற்றிய நான்கு நிமிடத்துக்குப் பிறகு குடிப்பவரோடு ஒப்பிட்டால், இரண்டு நிமிடத்துக்குள் குடிப்பவருக்கு இந்தப் புற்றுநோய் ஏறத்தாழ ஐந்து மடங்கு தொடர்புடையதாக இருந்தது. பாத்திரங்களை ஒப்பிட விரும்பும் என்னைப் போன்றவனுக்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடைக்காது. நான்கு நிமிடத்தை நமக்காகக் காத்துக்கொடுக்கும் பாத்திரம் எது என்பதே கேள்வியாகிவிடுகிறது. ஆனால் 2018இல் வந்த பெரிய சீன ஆய்வு ஒன்றில், மிகச் சூடான தேநீரின் ஆபத்து புகையோ மிகுதியான மதுவோ சேர்ந்தவர்களிடமே தெளிவாகத் தென்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே இது எல்லாருக்கும் ஒரே அளவான ஆபத்து அன்று. புகையிலை மெல்லும் இருவர் என் பட்டறையில் இருப்பதால் எனக்கு அந்தக் குறிப்பு ஆறுதல் தரவில்லை.

இனிப் பாத்திரங்களுக்கு வருவோம். எண்ணெய்க்குப் பயன்படுத்தும் ஒரு சமையலறை வெப்பமானியைக் கொண்டு இரண்டு வாரம் அளந்து பார்த்தேன். ஒரே கருவி, ஒரே கடையின் தேநீர். ஆய்வுக்கூடத் துல்லியம் இதற்கில்லை.

கண்ணாடிக் கிளாஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடையில் நின்று குடித்தால் மாஸ்டர் இரண்டு முறை தூக்கி ஆற்றி ஊற்றுகிறார், கனமான கண்ணாடி தன் பங்குக்குச் சிறிது சூட்டை வாங்கிக்கொள்கிறது. கைக்கு வரும்போது 74 டிகிரி இருந்தது, 60க்கு இறங்க ஐந்து நிமிடம் ஆனது. டிசம்பரில் ஏற்காட்டில் ஒரு மாலை அளந்தபோது நாலு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆனது. மலையில் தண்ணீரே 95 டிகிரி வாக்கில் கொதித்துவிடுகிறது, காற்றும் குளிர்ந்தது. ஆனால் குளிரில் நடுங்குபவர் கிளாஸைக் கையில் வாங்கியவுடன் வாயில் வைப்பதால் அந்த ஆதாயம் அங்கேயே கரைந்துவிடுகிறது.

காகிதக் குவளையைத் தள்ளிவிடலாம்: சூட்டை விரலுக்குக் காட்டாமல் வாய்க்கே நேராகக் கொடுக்கிறது.

பிளாஸ்க்கின் கதை வேறு. அதன் வேலையே சூட்டைக் காப்பது, அதைக் குறை சொல்ல முடியாது. குறை இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, பார்சலுக்கு ஊற்றும்போது மாஸ்டர் ஆற்றுவதில்லை. ஆறிவிட்டால் வாங்கியவர் திட்டுவார் என்று கொதிக்கக் கொதிக்க நிரப்புகிறார். நிரப்பியபோது 84 இருந்தது, முக்கால் மணி நேரம் கழித்தும் 77 இருந்தது. இரண்டாவது, அதன் இரட்டைச் சுவர் மூடி. உள்ளே 72 டிகிரித் தேநீர் இருக்க, வெளியே கை வைத்தால் வெதுவெதுப்புதான் தெரிகிறது. 'ஆறிவிட்டது' என்று கை பொய் சொல்ல, வாய் அதை நம்புகிறது. இரட்டைச் சுவர் குவளைகளும் இதையேதான் செய்கின்றன என்று நினைக்கிறேன்; ஒன்றை மட்டுமே சில நாள் பயன்படுத்தியதால் உறுதியாகச் சொல்லவில்லை.

டபராவும் டம்ளரும் வென்றது இந்த இடத்தில்தான், அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன். மெல்லிய எவர்சில்வர் டம்ளர் தானாகச் சூட்டை அதிகம் வாங்கிக்கொள்வதில்லை. கனமான கண்ணாடியைவிடக் குறைவாகவே வாங்குகிறது. ஆற்றுவதில்தான் எல்லாம் இருக்கிறது. உயரத்திலிருந்து விழும் தேநீர் மெல்லிய தாரையாக விரிந்து காற்றைத் தொடுகிறது, ஆவியாகிறது, அந்த ஆவி தன்னோடு சூட்டை எடுத்துப் போகிறது. நூறு மில்லித் தேநீரில் ஒரே ஒரு மில்லி ஆவியாகிப் போனால் மீதி முழுவதும் ஐந்து டிகிரிக்கு மேல் குறைந்துவிடும் என்பது நேரடியான கணக்கு. நான் அளந்த வகையில், 80 டிகிரியில் ஊற்றிய தேநீர் நான்கு முறை ஆற்றியதும் 65க்கு வந்தது. அகன்ற டபராவில் மேலும் ஒரு நிமிடம் விட்டதும் 59 ஆனது. இரண்டு நிமிடத்துக்குள் முடிந்த வேலை. நான்கு நிமிடம் காத்திருக்கும் பொறுமை எங்களில் யாருக்கும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு இது.

அதைவிட முக்கியமானது, டம்ளர் உண்மை பேசுகிறது. மெல்லிய உலோகம் உள்ளே இருக்கும் சூட்டை ஏறக்குறைய அப்படியே வெளியே காட்டுவதால், மிகச் சூடான டம்ளரை விளிம்போரம் பிடிக்க வேண்டியிருக்கிறது, நடுவில் பிடிக்க முடிவதில்லை. நடுப்பகுதியை இரண்டு விரலால் பிடித்து ஐந்து எண்ணும்வரை விடாமல் இருக்க முடிந்தபோதெல்லாம் வெப்பமானி 57 அல்லது 58 காட்டியது. இந்த ஒரு சோதனையே மற்றப் பாத்திரங்களை என் கண்ணில் தோற்கடித்தது. உணவுக்குழாய் சுடும்போது அதை உணர்த்தும் நேரத்துக்குள் மிடறு உள்ளே போய்விடுகிறது. வாய் பழக்கத்தால் பொறுத்துக்கொள்கிறது. எச்சரிக்கை விரலில்தான் கிடைக்க வேண்டும்.

மிடறின் அளவும் இதே பாத்திரத்தால் சிறுக்கிறது. 1970களில் நடந்த ஓர் அளவீட்டில், 65 டிகிரிக் காபி விழுங்கியவர்களின் உணவுக்குழாய்க்குள் சூடு, மிடறு சிறிதா பெரிதா என்பதைப் பொறுத்து, 6 முதல் 12 டிகிரி வரை ஏறியது. பிளாஸ்க் மூடியின் அகன்ற வாய் பெரிய மிடறைத் தூண்டுகிறது. நம் ஊர்க்காரர்களைப் போல டம்ளரைத் தூக்கி வாயில் படாமல் ஊற்றிக் குடிப்பது மட்டும் இதற்கு விதிவிலக்கு: உதடு சொல்லும் எச்சரிக்கை போய்விடுகிறது, மிடறும் பெரிதாகிறது. ஆறிய தேநீருக்கு மட்டுமே அந்தப் பழக்கம் ஆகும்.

கோலெஸ்தான் ஆய்வாளர்கள் மக்களின் விருப்பச் சூட்டை அறிந்த விதத்தையும் பட்டறையில் முயன்றேன். ஒரே நேரத்தில் இரண்டு டம்ளர் நிரப்பி, ஒன்றில் வெப்பமானியை வைத்து, ஒவ்வொரு ஐந்து டிகிரி இறங்கும்போதும் மற்றொன்றிலிருந்து ஒரு சிறு வாய் குடித்துப் பார்த்து, 'வழக்கமாக இப்படித்தான் குடிப்பேன்' என்று சொல்ல வைக்க வேண்டும். அவர்கள் 75இல் தொடங்கினார்கள். நான் அச்சத்தால் 70இல் தொடங்கினேன். மூன்று பேர் 60இல் தலையசைத்தார்கள், ஒருவர் 65இல். பற்றவைப்பு வேலை செய்பவர் மட்டும் 70இலேயே, "இதுவே ஆறிப்போச்சுங்கண்ணா, கழனித்தண்ணி மாதிரி இருக்குது" என்றார்.

என் விரல் சோதனையின் ஓட்டையும் அவரிடம்தான் தெரிந்தது. இருபது ஆண்டுகளாகச் சுடர்விளக்கருகே வெள்ளியைப் பிடித்துக் காய்த்துப்போன அவருடைய விரல்கள், 68 டிகிரி டம்ளரை ஐந்தல்ல, பத்து எண்ணும்வரை பிடித்திருந்தன. சமையற்கட்டில் வெறுங்கையால் பாத்திரம் இறக்குபவர்களுக்கும் இது பொருந்தும் என்று தோன்றுகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு விரலை நம்பாமல் ஆற்றும் எண்ணிக்கையை நம்பச் சொல்கிறேன்: நான்கு முறை, பிறகு டபராவில் ஒரு நிமிடம். விழுங்கும்போது வலியோ, சோறு நடுவில் தடைபடுவதோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது காரணமின்றி உடம்பு இளைத்தால், பாத்திரத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

டபராவுக்கும் குறைகள் உண்டு. கழுவ இரண்டு பாத்திரம், ஆற்றும்போது சிந்தும் தேநீர், தராசுக்குப் பக்கத்தில் அதற்கு இடமே இல்லை. கடை தூரம் என்பதால் பிளாஸ்க்கை விடவும் முடியவில்லை. அதில்தான் இன்னும் தேநீர் வருகிறது. மூடியை மட்டும் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, ஐந்து ஜோடி டபரா டம்ளர் வாங்கி வைத்திருக்கிறேன். பற்றவைப்புக்காரருக்குத் தேநீரைக் கடைசியாகத்தான் ஊற்றுகிறேன். மற்ற நால்வருக்கும் ஆற்றி முடிப்பதற்குள், திறந்த பிளாஸ்க்கில் அவர் பங்கின் சூடும் சிறிது இறங்கியிருக்கும்.