சுவர் ரிப்பேருக்கு பி.ஓ.பி.: பல வருடம் பயன்படுத்திய அனுபவம்

ஹார்டுவேர் கடையில் போய் "ஜிப்சம் பிளாஸ்டர் கொடுங்க" என்று கேட்டால் இரண்டு வேறு சரக்குகளில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். ஒன்று, நாம் பி.ஓ.பி. என்று சொல்லும் சாதாரண பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். கிலோ கணக்கில் பாலிதீன் கவரில் கட்டித் தருவார்கள். இன்னொன்று, சுவர் முழுக்கப் பூசுவதற்காக 25 கிலோ பையில் வரும் ரெடிமிக்ஸ் ஜிப்சம் பிளாஸ்டர். இரண்டுக்கும் அடிப்படைப் பொருள் ஒன்றுதான். ஆனால் ரெடிமிக்ஸில் இறுகுவதைத் தாமதப்படுத்தும் சேர்மானம் கலந்திருக்கும். அதனால் அது அரை மணி நேரம் வரை வேலை செய்ய விடும். கவரில் வரும் பி.ஓ.பி. கலக்கிய ஐந்தாறு நிமிடத்திலேயே கெட்டிப்பட ஆரம்பித்து, கால் மணி நேரத்தில் கல்லாகிவிடும்.

சென்னையில் கடற்கரையை ஒட்டிய பகுதியில் எங்களுடையது மாடி வீடு. பைப்புக்காகச் சுவரில் வெட்டிய காடியை அடைப்பது, உடைந்த மூலையைக் கட்டுவது, ஃபால்ஸ் சீலிங் விரிசலைச் சரிசெய்வது என்று பல வருடமாக இந்தச் சில்லறை வேலைகளை நானே செய்துவருகிறேன். இதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: பி.ஓ.பி. வேலை சரியாக வருவதும் கெட்டுப்போவதும் தண்ணீரைப் பொறுத்தது. கலக்கும்போது எவ்வளவு தண்ணீர், பூசிய பிறகு அந்தச் சுவருக்குத் தண்ணீர் வருமா வராதா என்ற இரண்டு கேள்விகளில் முக்கால்வாசி விஷயம் அடங்கிவிடுகிறது.

ஜிப்சம் கல்லைச் சுட்டு, அதிலிருக்கும் தண்ணீரில் முக்கால் பங்கை விரட்டினால் கிடைக்கும் தூள்தான் பி.ஓ.பி. நாம் தண்ணீர் ஊற்றும்போது, போன தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடி ஜிப்சமாக மாறுகிறது. ஊசி ஊசியான படிகங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதைத்தான் இறுகுவது என்கிறோம். அப்போது சூடும் கிளம்பும். கொஞ்சமாகப் பூசினால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். வாளியளவு கெட்டியானால் தோலைப் பொசுக்கும் அளவுக்குப் போகும். பிள்ளைகள் ஸ்கூல் ப்ராஜெக்டுக்குக் கையையே உள்ளே வைத்து அச்சு எடுக்கப் பார்ப்பார்கள், கண்டிப்பாக விடாதீர்கள்.

படிகங்கள் பின்ன ஆரம்பித்த பிறகு கலக்கினால் அந்தப் பின்னல் அறுந்துபோகும், மறுபடி சேராது. கெட்டிப்பட்டதில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கிப் பூசினால், பார்க்க ஒட்டியதுபோல் இருந்தாலும் காய்ந்த பிறகு நகத்தால் கீறினாலே மாவாக உதிரும். அதனால் ஐந்து நிமிடத்தில் பூசி முடிக்கிற அளவுக்கு மேல் ஒரு தடவைக்குக் கலக்கவே கூடாது.

அளவு என்று பார்த்தால் எடைக் கணக்குதான் நம்பகமானது. 100 கிராம் தூளுக்கு 60 முதல் 65 மில்லி தண்ணீர். சமையலறைத் தராசு போதும். டம்ளர் கணக்கு வைத்தால் தூள் அமுங்கியிருப்பதைப் பொறுத்து மாறிவிடும். முதலில் தண்ணீர், அதன் மேல்தான் தூள். விரல் இடுக்கு வழியாகப் பரவலாகத் தூவிக்கொண்டே வந்தால் தூள் நனைந்து உள்ளே இறங்கும். ஒரு கட்டத்தில் இறங்காமல் மேலேயே திட்டுத் திட்டாக நிற்கும். அங்கே நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் ஊறவிட்டு, அப்புறம் மெதுவாகக் கலக்க வேண்டும். தூளில் தண்ணீரை ஊற்றினால் உள்ளே நனையாத உருண்டைகள் தங்கிவிடும். வேகமாக அடித்துக் கலக்கினால் காற்றுக் குமிழி சேரும், இறுகுவதும் சீக்கிரமாகும்.

நேரத்தைக் குறைக்கிற விஷயங்கள் நம் வீடுகளில் நிறையவே இருக்கின்றன. கோடை மதியத்தில் மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் வெந்நீர், உப்புள்ள போர்வெல் தண்ணீர், முந்தைய கலவை காய்ந்து ஒட்டியிருக்கும் டப்பா, இந்த மூன்றுமே இறுகுவதை அவசரப்படுத்தும். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. காய்ந்த துணுக்குகள் புதுப் படிகங்களுக்கு விதை மாதிரி வேலை செய்யும். ரப்பர் கிண்ணமோ வளைகிற பிளாஸ்டிக் டப்பாவோ வைத்துக்கொண்டால், மிச்சத்தை இறுகவிட்டு அமுக்கியதும் ஓடு ஓடாகக் கழன்று வரும். சிங்க்கில் மட்டும் கழுவாதீர்கள், இது தண்ணீருக்கு அடியிலும் இறுகும், குழாய் அடைத்துக்கொள்ளும். கூடுதல் நேரம் வேண்டுமென்றால் தண்ணீரில் சிட்டிகை சிட்ரிக் அமிலமோ சில சொட்டு எலுமிச்சைச் சாறோ போதும். அளவு கூடினால் இறுகியதும் பலமில்லாமல் பொடியும்.

இப்போது ஒரு வேலையை முழுதாகச் சொல்கிறேன். மாடி படுக்கையறையில் ஏசி பாயின்டுக்காக எலக்ட்ரீஷியன் சுவரில் காடி வெட்டினார். அகலம் 4 செ.மீ., ஆழம் 4 செ.மீ., உள்ளே 25 மி.மீ. பைப். பைப்புக்கு மேல் ஒன்றரை செ.மீ. இடம் இருக்கும்படி கிளாம்ப் அடிக்கச் சொன்னேன். அந்த இடம் இல்லாமல் பைப் சுவர் மட்டத்தை ஒட்டி நின்றால், எதை வைத்து அடைத்தாலும் பைப் நீளத்துக்கு விரிசல் விடும்.

ஒரு மீட்டர் காடியின் கொள்ளளவு 1600 மில்லி. பைப் அடைத்துக்கொள்வது ஏறக்குறைய 500 மில்லி. மீதி 1100 மில்லியை நிரப்ப வேண்டும். ஒரு கிலோ தூளை 600, 650 மில்லி தண்ணீரில் கலந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் குழைவு கிடைக்கும். ஆக, மீட்டருக்கு 1.1 கிலோ தூள். அதை மூன்று நான்கு தடவையாகப் பிரித்துக் கலக்கினேன்.

பூசுவதற்கு முன் காடியிலிருக்கும் தூசியைப் பிரஷால் தட்டி, தண்ணீர் தெளித்து நனைத்துவிட வேண்டும். நம் வீட்டுச் சிமென்ட் பூச்சு தண்ணீரை உறிஞ்சும். காய்ந்த பூச்சின் மேல் பி.ஓ.பி. வைத்தால், அது இறுகத் தேவையான தண்ணீரைச் சுவர் குடித்துவிடும், ஓரம் மட்டும் மாவாக நிற்கும். அதற்காகச் சொட்டச் சொட்ட நனைக்கவும் வேண்டாம். மேலே ஈரப் பளபளப்பு மறைந்ததும் வைக்கலாம். முதலில் பைப்பின் இரண்டு பக்கமும் பட்டித் தகட்டின் முனையால் அழுத்தித் திணித்தேன். அடியில் வெற்றிடம் இருந்தால் பிறகு தட்டினால் டொக் டொக் என்று சத்தம் வரும். சுவர் மட்டத்துக்கு ஓரிரு மி.மீ. கீழே நிறுத்தி, இரண்டு ஓரத்தையும் மூடுகிற மாதிரி ஃபைபர் மெஷ் டேப் ஒட்டி, மேலே மெல்லிய பூச்சு. அதன் மேலிருக்கும் மினுமினுப்பு போய் மங்கலாகும் நேரம்தான் மட்டம் தட்டச் சரியான நேரம். அதற்கு முன் இழுத்தால் தகட்டோடு வரும், பின்னால் இழுத்தால் பிய்ந்து பள்ளம் விழும்.

கால் மணி நேரத்தில் கல்லானாலும் காய்ந்துவிட்டதாக அர்த்தமில்லை. 1.1 கிலோ தூளுக்கு ஊற்றிய 700 மில்லி தண்ணீரில் படிகத்துக்குள் போவது 200 மில்லிதான். மீதி அரை லிட்டர் அந்த ஒரு மீட்டர் காடியிலிருந்து ஆவியாகித்தான் வெளியேற வேண்டும். வெயில் காலத்தில் இரண்டு வாரமாவது விட வேண்டும், ஐப்பசி கார்த்திகையில் ஒரு மாதம்கூட ஆகலாம். பெயின்டர் மறுநாளே பிரைமர் அடிக்க வந்து நிற்பார், விடாதீர்கள். அவசரப்பட்டால் பெயின்ட் கொப்புளமாகக் கிளம்பும். ஒரு பாலிதீன் துண்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி மறுநாள் பார்த்தால் போதும். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். நான் அப்படிக் காத்திருந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த அந்தக் காடி எங்கே இருக்கிறதென்று இன்றைக்கும் கண்டுபிடிக்க முடியாது.

அதே வீட்டில் கீழ்த்தளத்தில், நாங்கள் குடிவருவதற்கு முன் யாரோ பி.ஓ.பி.யால் அடைத்த இடம் ஒன்று இருந்தது. பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவர், தரையிலிருந்து முழங்கால் உயரம். ஓதம் ஏறும் இடம். பெயின்ட் பொருமி, உள்ளே விரல் வைத்தால் ஈரச் சோப்பு மாதிரி அமுங்கியது. ஜிப்சம் தண்ணீரில் கொஞ்சம் கரையக்கூடியது, லிட்டருக்கு இரண்டு கிராம் அளவுக்கு. ஒரு தடவை நனைந்து காய்ந்தால் ஒன்றும் ஆகாது. வருடக்கணக்கில் ஈரம் வந்துகொண்டே இருந்தால் படிகப் பின்னல் தளர்ந்துபோகும். அதனால் பாத்ரூம், சிங்க்குக்குப் பின்னால், வெளிச்சுவர், சன்ஷேட், கைப்பிடிச் சுவர், தரையை ஒட்டிய ஓதச் சுவர் இதற்கெல்லாம் பி.ஓ.பி. வேண்டவே வேண்டாம். மேலே எத்தனை கோட் வாட்டர்ப்ரூஃப் அடித்தாலும், பின்னாலிருந்து வரும் ஈரத்தை அது தடுக்காது. அங்கே சிமென்ட் கலவைதான், அதுவும் கசிவை நிறுத்திய பிறகு.

சிமென்டில் ஒரு கைப்பிடி பி.ஓ.பி. போட்டு சுவிட்ச் பாக்ஸைச் சட்டென்று பிடிக்க வைக்கும் பழக்கம் எலக்ட்ரீஷியன்களிடம் உண்டு. உள்ளே, காய்ந்த சுவரில் அது நின்றுவிடுகிறது. ஈரம் வரும் சுவரில் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜிப்சமும் சிமென்டும் ஈரத்தில் சேர்ந்தால் உப்பிப் பெருக்கும் ஒரு சேர்மம் உண்டாகும், அது பாக்ஸைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசல் விட வைக்கும். இரும்பு பாக்ஸோ ஆணியோ நேரடியாகப் பட்டால் துருவும் பிடிக்கும், பெயின்ட் மேல் பழுப்புக் கறையாகத் தெரியும். வைப்பதற்கு முன் ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடித்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

பாரம் தாங்கும் இடத்திலும் இதை நம்பக் கூடாது. பெரிதாகிப்போன ஆணி ஓட்டையை அடைத்து ஒரு காலண்டர் மாட்டலாம். கர்ட்டன் ராடு, கீசர், ஃபேன் கொக்கி எதையும் பி.ஓ.பி. அடைப்பில் திருகவே கூடாது. சுவரும் பீமும் சேரும் கோட்டில் வரும் விரிசலுக்கும் இது சரிவராது. வெயிலுக்கும் குளிருக்கும் அந்த இடம் அசைந்துகொண்டே இருக்கும், பி.ஓ.பி. வளையாது. அடுத்த கோடையில் அதே கோட்டில் திறந்துகொள்ளும். அங்கே இழுபடும் தன்மையுள்ள அக்ரிலிக் சீலன்ட்தான் போட வேண்டும். ஒரு மி.மீ. கீறலுக்கும் பி.ஓ.பி. கலக்குவது வீண், சாதாரண பட்டியே போதும். மூன்று மி.மீ.க்கு மேல் பள்ளம், ஈரம் வராத உள்சுவர் அல்லது சீலிங், பாரம் இல்லை, அசைவு இல்லை என்றால் மட்டும் பி.ஓ.பி. பையைத் திறக்கிறேன்.

வாங்கும்போது தேவைக்கு மேல் வாங்காதீர்கள். எங்கள் பக்கக் கடற்காற்றில், திறந்த கவர் ஒரு மழைக்காலத்தைத் தாங்குவதில்லை. தூள் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டிப்போகும். மிச்சத்தை மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, தரையில் வைக்காமல் அலமாரியில் வைப்பேன். பழைய தூளை எடுக்கும்போது முதலில் இரண்டு ஸ்பூன் கலந்து ஒரு பழைய டைல் மேல் வைத்துப் பார்ப்பேன். அரை மணி நேரம் கழித்தும் நகம் பதிந்தால் அந்தத் தூள் குப்பைக்கு.