சோதனை உத்தியா, சோதனைத் திட்டமா: எந்த வாக்கியம் எந்த ஆவணத்தில் இருக்க வேண்டும்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்த முதல் வாரம், ‘எங்கள் டெஸ்ட் ஸ்ட்ராட்டஜி’ என்று 64 பக்க ஆவணம் ஒன்றைக் கொடுத்தார்கள். நிறுவனம் முழுவதற்குமான சோதனை உத்தி அது. அதன் 12ஆம் பக்கத்தில் செலினியம் என்ற சோதனைக் கருவியின் பதிப்பு எண் இருந்தது. 31ஆம் பக்கத்தில் வேலையை விட்டுப் போன ஒரு டெஸ்டரின் பெயர் இருந்தது. 40ஆம் பக்கத்தில் ஒரு ரிலீஸ் தேதியும் இருந்தது, அதுவும் முந்தைய ஆண்டின் தேதி. யாரோ ஒரு பழைய புராஜெக்டின் சோதனைத் திட்டத்தை எடுத்து அட்டையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

அதே நிறுவனத்தில் ஒவ்வொரு குழுவின் சோதனைத் திட்டத்தையும் திறந்தால், முதல் பத்துப் பக்கங்கள் ‘ரிக்ரஷன் சோதனை என்றால் என்ன’ என்பது போன்ற விளக்கங்களாகவே இருந்தன. உத்தியில் இருக்க வேண்டியது திட்டத்திலும், திட்டத்தில் இருக்க வேண்டியது உத்தியிலும் கிடந்ததால் இரண்டையுமே யாரும் படிக்கவில்லை.

குழப்பத்துக்குப் பெயரும் ஒரு காரணம். 1983இல் வந்த ஐஇஇஇ 829 தரநிலைதான் சோதனைத் திட்டத்துக்கு நாம் இன்றும் பார்க்கும் வடிவத்தைக் கொடுத்தது. அதன் 1998 பதிப்பில் திட்டத்துக்கு 16 தலைப்புகள் உண்டு, ‘அணுகுமுறை’ அவற்றில் ஒன்று. பலர் அந்தத் தலைப்பைத்தான் உத்தி என்கிறார்கள். 2013இல் வந்த ஐஎஸ்ஓ 29119 தொகுதி, நிறுவனத்துக்கான சோதனை உத்தியைத் தனி ஆவணமாக வைத்தது. 2021 பதிப்பில் அதன் பெயரை ‘நிறுவனச் சோதனை நடைமுறைகள்’ என்று மாற்றி, ‘உத்தி’ என்ற சொல்லைத் திட்டத்தின் உட்பகுதிக்கே விட்டுவிட்டார்கள். இங்கே நான் உத்தி என்று சொல்வதெல்லாம் நிறுவனம் முழுவதற்குமான ஆவணத்தைத்தான்.

ஒரு வாக்கியம் எங்கே போக வேண்டும் என்று முடிவுசெய்ய நான் கேட்கும் கேள்வி இது: நாளை வேறொரு புராஜெக்ட் வந்தால் இந்த வாக்கியம் மாறுமா? மாறும் என்றால் அது திட்டத்துக்கு உரியது. மாறாது என்றால் உத்திக்கு உரியது. எளிய கேள்வி போலத் தோன்றும், ஆனால் அந்த 64 பக்கங்களை இதைக் கொண்டு சலித்தபோது உத்தியில் தங்கியவை ஏழே பக்கங்கள்.

ஒரு வேலையை எடுத்து இரண்டு ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் புதிய வரி விகிதங்களை அறிவித்தது, செப்டம்பர் 22 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. இடையில் 19 நாள்கள். அழகு நிலையங்களுக்கும் உடற்பயிற்சிக் கூடங்களுக்கும் பில் போடும் மென்பொருள் ஒன்றைச் செய்யும் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சேவைகளுக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. அங்கேயே விற்கும் ஷாம்பு, தலைக்கு எண்ணெய் போன்றவற்றுக்கும் 18 சதவீதம் 5 ஆனது.

விகிதத்தை மாற்றுவது நிரலில் ஒரே ஒரு வரியைத் திருத்தும் வேலை. சிக்கல் நாள்களில் இருக்கிறது. ஆகஸ்டில் ஓராண்டு சந்தா கட்டியவர் அக்டோபரிலும் கூடத்துக்கு வருகிறார், அவருக்கு எந்த விகிதம்? மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 14ஆம் பிரிவு இதற்கு வழி சொல்கிறது. சேவை அளித்த நாள், பில் தேதி, பணம் வந்த நாள் என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றில் இரண்டு விகிதம் மாறுவதற்கு முன்பே நடந்திருந்தால் பழைய விகிதம், இல்லையென்றால் புதியது. மூன்று நிகழ்வுகள், ஒவ்வொன்றும் முன்போ பின்போ என்றால் மொத்தம் எட்டு நிலைகள். சோதனைக்கு இதைவிடத் தெளிவான முடிவு அட்டவணை கிடைக்காது.

இப்போது உத்தியில் என்ன எழுதியிருக்க வேண்டும்? அதில் ஜிஎஸ்டி என்ற சொல்லே தேவையில்லை:

“பணம், வரி, சம்பளம் ஆகியவற்றைக் கணக்கிடும் எந்த மாற்றமும் முதல் அடுக்கு ஆபத்து. முதல் அடுக்கில், எதிர்பார்க்கும் விடைகளை அந்த நிரலை எழுதாத ஒருவர் மென்பொருளுக்கு வெளியே கணக்கிட வேண்டும்.”

சோதனைத் திட்டத்தில்:

“14ஆம் பிரிவின் எட்டு நிலைகளுக்கும் உரிய வரியைக் கணக்குப் பிரிவு அலுவலர் செப்டம்பர் 12க்குள் விரிதாளில் கணக்கிட்டுத் தருவார். செப்டம்பர் 22க்கு முன் 18 சதவீதத்தில் விற்ற ஷாம்பு பின்னர் திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டும் 18 சதவீதத்திலேயே வர வேண்டும், இது ஒன்பதாவது நிலை. செப்டம்பர் 21 இரவு 11:59க்கும் 22 அதிகாலை 12:01க்கும் தலா ஒரு பில் போட்டுப் பார்க்க வேண்டும்.”

முதலாவது வாக்கியம் பத்தாண்டு நிற்கும். இரண்டாவது செப்டம்பர் முடிந்ததும் காலாவதி. ஆனால் முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவதில் அந்தக் கணக்குப் பிரிவு அலுவலர் இடம்பெற்றிருக்கவே மாட்டார். அவசரத்தில் நிரலை எழுதியவரே எதிர்பார்ப்பு விடையையும் எழுதுவார், சட்டத்தை அவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் நிரலும் சோதனையும் ஒரே தவறைச் சொல்லி ஒத்துப்போகும். எல்லாச் சோதனையும் பச்சையாகத் தெரியும், பில் மட்டும் தவறாக இருக்கும். 19 நாள் நெருக்கடியில் இருக்கும் குழுவிடம் இதை நினைவூட்ட வேண்டியது, நெருக்கடி இல்லாத நேரத்தில் எழுதிய ஆவணம்தான்.

உத்தியில் இருந்தே ஆக வேண்டிய இன்னொன்று, பிழையின் தீவிரத்துக்கான விளக்கம். நான் சொன்ன நிறுவனத்தின் ரிலீஸ் கூட்டத்தில் ஒருமுறை இரண்டு குழுக்கள் “தீவிரம் 2இல் மூன்று பிழைகள் மிச்சம்” என்று ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். செல்பேசிச் செயலிக் குழுவுக்குத் தீவிரம் 2 என்றால் திரையில் பொத்தான் இடம் மாறியிருப்பது. பில் குழுவுக்கு, சில வாடிக்கையாளருக்குத் தொகை தவறாக வருவது. மேலாளர் இரண்டுக்கும் தலையசைத்து ரிலீஸுக்குச் சம்மதித்துவிட்டார். ஒவ்வொரு குழுவும் தன் திட்டத்தில் தனி விளக்கம் எழுதிக்கொண்டதன் விளைவு இது. விளக்கம் உத்தியில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். எத்தனை பிழைகளோடு வெளியிடலாம் என்ற எண்ணை மட்டும் திட்டம் சொல்லட்டும்.

சோதனைத் தரவும் அப்படித்தான். உண்மை வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் சோதனைச் சூழலுக்கு வரலாமா என்பதை ஒரு புராஜெக்ட் மேலாளர் வாரக் கடைசியில் முடிவுசெய்ய விடக்கூடாது. எந்தப் புலங்களை எப்படி மறைப்பது என்ற விவரம் திட்டத்தில் வரலாம்.

இனி, பெரும்பாலான உத்தி ஆவணங்கள் கோட்டைவிடும் பகுதி: விலக்கு. உத்தி விதியைச் சொல்கிறது, திட்டம் அதைப் பின்பற்ற முடியாத சூழல் வருகிறது. நம் ஜிஎஸ்டி குழுவையே பாருங்கள். முதல் அடுக்குக்கு முழு ரிக்ரஷன், அதாவது மாற்றத்தால் பழைய பகுதிகள் எதுவும் கெடவில்லையா என்று பார்க்கும் சோதனை, கட்டாயம் என்கிறது உத்தி. அதற்கு நான்கு நாள் வேண்டும், கையில் இருப்பது இரண்டு. குழு என்ன செய்யும்? விலக்குக்கு வழி எழுதியிருக்காவிட்டால், சத்தமில்லாமல் பாதியைச் செய்துவிட்டு அறிக்கையில் ‘ரிக்ரஷன் முடிந்தது’ என்று எழுதும். வழி இருந்தால் திட்டத்தில் இப்படி ஒரு பத்தி வரும்: பணியாளர் வருகைப் பதிவு, முன்பதிவு ஆகிய பகுதிகளை இந்த முறை சோதிக்கவில்லை, அங்கே பிழை இருந்தால் முன்பதிவு இரட்டிப்பாகலாம், அப்படி நடந்தால் முந்தைய பதிப்புக்குத் திரும்ப 20 நிமிடம் ஆகும், இந்த ஆபத்தை ஏற்றுக் கையெழுத்திட்டவர் வணிகப் பிரிவுத் தலைவர். கையெழுத்து போடுபவர் டெஸ்ட் மேலாளராக இருக்கக்கூடாது. பிழை வந்தால் இழப்பு யாருடையதோ அவர்தான் போட வேண்டும்.

இது வெறும் காகிதச் சடங்கு இல்லை என்பதற்குப் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கியில் நடந்தது சாட்சி. 2018 ஏப்ரலில் அந்த வங்கி தன் 50 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு ஒரே வார இறுதியில் மாற்றியது. திங்கட்கிழமை லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். புதிய அமைப்பு இரண்டு டேட்டா சென்டர்களில் ஒரே நேரத்தில் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஆனால் சுமை தாங்குமா என்று பார்க்கும் சோதனைகள் ஒரே சென்டரில்தான் நடந்தன. இரண்டு சென்டர்களின் அமைவுகளிலும் வேறுபாடு இருந்தது நேரலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. வங்கி அமர்த்திய சட்ட நிறுவனம் 2019இல் வெளியிட்ட விசாரணை அறிக்கை இதை விரிவாகச் சொல்கிறது. 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்டு.

அங்கே திட்டங்கள் இல்லாமல் இல்லை, நிறையவே இருந்தன. ‘நேரலையில் இயங்கும் எல்லா இடத்திலும் சோதிக்க வேண்டும், ஒன்றை விட்டால் இயக்குநர் குழு அறிய வேண்டும்’ என்று நிறுவன அளவில் ஒரு வரி உயிரோடு இருந்து, அதைக் காவல் காக்க ஒருவரும் இருந்திருந்தால், அந்தக் கேள்வி மேசைக்கு வந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

எல்லாருக்கும் இரண்டு ஆவணங்களும் வேண்டுமா? வேண்டாம். ஒரே குழு, ஒரே தயாரிப்பு என்றால் ஒரு நல்ல திட்டம் போதும், உத்தி அதன் முதல் பக்கமாக இருந்துவிட்டுப் போகட்டும். மூன்றாவது குழு வந்து, ஒரு குழுவின் பிழை இன்னொரு குழுவின் வாடிக்கையாளரைத் தொடத் தொடங்கும்போது தனி உத்தி தேவைப்படும். பல நிறுவனங்கள் இதற்கு மாற்றாக ஒரு பெரிய திட்ட வார்ப்புருவை எல்லாக் குழுக்களுக்கும் கொடுத்து நிரப்பச் சொல்கின்றன. இதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். வார்ப்புரு தலைப்புகளை ஒன்றாக்குமே தவிர முடிவுகளை ஒன்றாக்காது. ‘ஆபத்துகள்’ என்ற தலைப்பின் கீழ் ஒன்பது குழுக்களும் “கால அவகாசம் குறைவு” என்று எழுதியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உத்தி எழுத உட்காருபவர் தரநிலையின் தலைப்புகளிலிருந்து தொடங்க வேண்டாம். முந்தைய 12 மாதங்களில் வாடிக்கையாளர் வரை போன பிழைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, எந்த விதி இருந்திருந்தால் இது நின்றிருக்கும் என்று எழுதுங்கள். நாங்கள் 41 பிழைகளை இப்படிப் பார்த்தோம். பாதிக்கும் மேல் நான்கே விதிகளுக்குள் அடங்கின. அந்த நான்கும்தான் எங்கள் உத்தியின் முதல் பக்கமாயின.

பிறகு விலக்குகளைச் சேர்த்து வையுங்கள். புதிய உத்தி வந்த முதல் அரையாண்டில் ஐந்து குழுக்கள் ஒரே விதிக்கு விலக்குக் கேட்டன: ஒவ்வொரு ரிலீஸுக்கும் லோடு டெஸ்ட் செய்ய வேண்டும் என்ற விதி. முதலில் குழுக்களின் சோம்பல் என்றே நினைத்தோம். உட்கார்ந்து பார்த்தபோது, வாரம் ஒருமுறை சிறு மாற்றங்களை வெளியிடும் குழுக்களுக்கு அந்த விதியே பொருந்தவில்லை என்று புரிந்தது. ‘தரவுத்தள வினவலோ வெளிச் சேவை அழைப்போ மாறினால் மட்டும்’ என்று திருத்தினோம். அதற்கடுத்த அரையாண்டில் அந்த விதிக்கு வந்த விலக்குக் கோரிக்கை ஒன்றே ஒன்று.