டேப்பா, ஸ்டாஃபா: அதே நாலு ஸ்வரம், இரண்டு எழுத்து

கிட்டார் புதிதாக எடுத்தவர்கள், கம்பிகளைக் கோடுகளாகப் போட்டு ஃப்ரெட் எண்ணை அவற்றின் மேல் எழுதும் டேப்பில் முதலில் தடுக்குவது தலைகீழ் விஷயத்தில்தான். டேப்பின் மேல் கோடு மெல்லிய கம்பி, கீழ்க் கோடு தடித்த கம்பி. மடியில் வைத்த கிட்டாரைக் குனிந்து பார்த்தாலோ தடித்ததுதான் நம் முகத்துக்கு அருகில் இருக்கும். நானும் முதல் வாரம் முழுக்கத் தலைகீழாக வாசித்துவிட்டு, கிட்டாருக்குச் சுருதி சேரவில்லை என்று அதைத் திருகிக்கொண்டிருந்தேன்.

```
e|-------0-|
B|-----1---|
G|---0-----|
D|---------|
A|-3-------|
E|---------|
```

இடமிருந்து வலமாகப் படியுங்கள். ஐந்தாம் கம்பியில் மூன்றாவது ஃப்ரெட், மூன்றாம் கம்பி சும்மா (0 என்றால் அழுத்தாமல் மீட்டுவது), இரண்டாம் கம்பியில் முதல் ஃப்ரெட், கடைசியாக முதல் கம்பி சும்மா. பத்து நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். ஆனால் எது எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும்? அது இதில் இல்லை. எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்து ஊகிக்கலாம் என்று தோன்றும், நம்பாதீர்கள், தட்டச்சு செய்தவர் வசதிக்கு விட்ட இடைவெளியாகவும் இருக்கலாம். கேட்டுப் பழகிய பாட்டு என்றால் காது சமாளித்துவிடும், கேட்காத பாட்டு என்றால் தாளம் போய்விடும்.

இதையே ஐந்து கோட்டு ஸ்டாஃபில் எழுதினால்: கோடுகளுக்குக் கீழே ஒரு சின்னத் துணைக்கோட்டில் சி, அடியிலிருந்து இரண்டாவது கோட்டில் ஜி, மூன்றாம் இடைவெளியில் மேல் சி, நான்காம் இடைவெளியில் ஈ. முதல் சி உள்ளே வெள்ளையாகக் காம்போடு இருந்தால் இரண்டு அடி, நடுவிலுள்ள இரண்டும் ஒரே பட்டையில் சேர்ந்திருந்தால் அரை அரை அடி, ஈ கறுப்பாகத் தனிக்காம்போடு இருந்தால் ஒரு அடி. ஆக நாலு அடி. பாட்டைக் கேட்டிராதவரும் சரியாக வாசிப்பார். (கிட்டாருக்கு எழுதுவதைவிட ஒரு ஸ்தாயி கீழேதான் ஒலிக்கும், அதைப் பற்றி இப்போது கவலை வேண்டாம்.)

சரி, அப்படியானால் ஸ்டாஃப்தான் உசத்தியா? அந்த ஈ-யைப் பாருங்கள். அதே சுருதி இரண்டாம் கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டிலும், மூன்றாம் கம்பியின் ஒன்பதாவது ஃப்ரெட்டிலும் இருக்கிறது. ஸ்டாஃபில் எல்லாம் ஒரே புள்ளி. நீங்கள் இரண்டாம் கம்பிக்குப் போனால், அதே கம்பியில் ஒலித்துக்கொண்டிருக்கும் மேல் சி அங்கேயே அறுந்துவிடும். சில பதிப்பில் கம்பி எண்ணை வட்டத்துக்குள் போட்டிருப்பார்கள், பலவற்றில் அதுவும் இருக்காது. டேப்பில் இந்தக் குழப்பமே கிடையாது.

என் கணக்கில், ஆரம்பிப்பவர் டேப்பிலேயே ஆரம்பிக்கலாம், ஆனால் எண்களுக்குக் காம்பு போட்ட டேப்பாகவோ, மேலே ஸ்டாஃபும் கீழே டேப்புமாக அச்சடித்ததாகவோ தேடுங்கள். விரல் எங்கே என்பதற்குக் கீழ் வரியைப் பாருங்கள், மேல் வரியில் காம்பை மட்டும் பார்த்துக் காலால் அடி போடுங்கள். புள்ளி எந்தக் கோட்டில் இருக்கிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.