முத்திரையில் இரண்டு தேதி: எது தயாரித்த நாள், எது கெடுநாள்?

உணவுப் பாக்கெட்டைப் படம் எடுத்து, அதிலுள்ள தேதிகளைப் பிரித்தறியப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தேதிக்கு அருகிலுள்ள சொல்லைப் படிப்பது. மற்றொன்று, முந்தைய தேதி தயாரித்த நாள், பிந்தையது கெடுநாள் என்று வரிசையை நம்புவது. பலரும் இரண்டாவதைத்தான் நம்புகிறார்கள். அது எங்கே சறுக்கும் என்பதற்கு ஒரு முத்திரை:

```
05.03.24 14:32
04.09.24
L065B2
```

நாள் முதலில் என்று படித்தால் 2024 மார்ச் 5, செப்டம்பர் 4. ஆறு மாத இடைவெளி, சரி. மாதம் முதலில் என்று படித்தால் மே 3, ஏப்ரல் 9. இப்போது மேல் வரிதான் பிந்தைய தேதி. வரிசையை மட்டும் நம்பினால் ஏப்ரலில் தயாரித்து மே மாதம் கெடும் பொருள் என்று முடிவாகிவிடும். ஒரே படத்துக்கு இரண்டு விடை, இரண்டும் நம்பும்படியாகவே இருக்கின்றன.

இங்கே கைகொடுப்பது மூன்றாவது வரி. தொகுதி எண்ணில் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சில ஆலைகள் சேர்க்கும். இங்கே L-ஐ அடுத்து 065 இருக்கிறது. 2024 லீப் ஆண்டு. ஜனவரியின் 31, பிப்ரவரியின் 29, மார்ச்சின் 5 கூட்டினால் 65. அதாவது மார்ச் 5. மே 3 என்றால் 124 வந்திருக்கும், ஏப்ரல் 9 என்றால் 100. தேதியை ஒட்டிய 14:32 அச்சடித்த நேரமாக இருக்கலாம். அதுவும் மேல் வரியைத் தயாரித்த நாள் பக்கமே தள்ளுகிறது. ஆனால் எல்லாத் தொகுதி எண்ணிலும் நாள் ஒளிந்திருக்காது. கணக்கு பொருந்தினால் சான்றாக எடுத்துக்கொள்ளலாம், பொருந்தாவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான்.

சரி, தயாரித்த நாள் தெரிந்துவிட்டது. மிச்சமுள்ள தேதி BB, அதாவது BEST BEFORE வகையா, USE BY வகையா? இதற்கு வரிசையும் கணக்கும் உதவவே உதவாது. BB தரத்துக்கான தேதி. தாண்டினால் சுவையோ மொறுமொறுப்போ குறையலாம். USE BY பாதுகாப்புக்கான தேதி. தாண்டினால் சாப்பிடக் கூடாது. கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தரங்களின் லேபிள் விதிகளில், EXP என்பதன் முழு வடிவமான EXPIRATION DATE என்பதும் USE BY பக்கம்தான் வருகிறது. எண்கள் இரண்டுக்கும் ஒரே மாதிரி இருக்கும், வித்தியாசம் சொல்லில் மட்டும்தான்.

அந்தச் சொல்லோ பல சமயம் முத்திரையில் இருப்பதில்லை. முன்பே அச்சான உறையில் இருக்கும், சில சமயம் ‘மூடியில் பார்க்கவும்’ என்ற குறிப்போடு வேறு பக்கத்தில். அதனால் முத்திரையை மட்டும் நெருக்கமாக எடுத்த படம் போதாது. சொல் இருக்கும் பக்கத்தையும் ஒரு படம் எடுக்க வேண்டும். அப்புறம் முத்திரையைச் சற்றுச் சாய்த்து, வெளிச்சம் பளபளக்காமல் இன்னொன்று. புள்ளி புள்ளியாக விழும் மையில் ஒரு புள்ளி போனாலே 8 என்பது 6 ஆகத் தெரியும்.

என் தேர்வு: சொல்தான் முதல், தொகுதி எண் சரிபார்க்க, வரிசை கடைசி. சொல் எந்தப் படத்திலும் கிடைக்காவிட்டால், அந்தத் தேதியைப் பாதுகாப்புத் தேதியாகவே வைத்துக்கொள்வேன்.