ஒரே கம்பனியில் முப்பது இலட்சமா, பதினைந்து கம்பனிகளில் இரண்டிரண்டா?

கொழும்பில் ஸ்டார்ட்அப் முதலீட்டுக்கு ஒருவரை இழுப்பது பெரும்பாலும் உறவுதான். மச்சானின் மகன் செயலி ஒன்று செய்கிறான், பழைய வகுப்புத் தோழி உணவு ஏற்றுமதிக் கம்பனி தொடங்கியிருக்கிறாள், "முப்பது இலட்சம் போட்டால் ஏழரை வீதம் தருகிறோம்" என்கிறார்கள். இது முதல் வழி. இரண்டாவது வழியில் அதே முப்பது இலட்சத்தை இரண்டு இரண்டு இலட்சமாகப் பதினைந்து கம்பனிகளில், நாலைந்து வருடங்களுக்குப் பிரித்துப் போடுகிறோம். வழக்கமாக இது 2012இல் தொடங்கிய லங்கன் ஏஞ்சல் நெட்வேர்க் போன்ற வலையமைப்புகள் வழியாகவோ, முதலீட்டாளர் ஒருவர் முன்னின்று பேரம் பேசும் சிறு குழுக்கள் வழியாகவோ நடக்கும். நான் தெரிந்தெடுத்தது இரண்டாவது வழியை. இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

முதல் வழியின் நன்மைகள் வெளிப்படையானவை. ஏழரை வீதம் வைத்திருப்பவர் தொலைபேசி எடுத்தால் நிறுவுனர் பதில் சொல்வார். பங்குதாரர் உடன்படிக்கையைச் சட்டத்தரணியிடம் காட்டித் திருத்துவதற்கான செலவு அந்தத் தொகைக்குத் தகும். அந்தத் துறையில் நீங்களே இருபது வருடம் வேலை செய்தவராகவும், பணிப்பாளர் சபையில் உட்கார்ந்து உழைக்கத் தயாரானவராகவும் இருந்தால் இந்த வழியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது சம்பளமில்லாத இரண்டாவது வேலை என்று தெரிந்தே இறங்க வேண்டும்.

மற்ற எல்லோருக்கும் கணக்கு வேறு. ஒவ்வொரு கம்பனியும் பெரிதாக வெல்லும் வாய்ப்பு பதினைந்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒரே கம்பனியில் போட்டவருக்கு அந்த வெற்றி கிடைக்காமல் போகும் வாய்ப்பு 93 வீதம். பத்துக் கம்பனிகளில் போட்டால் ஒன்றுகூட வெல்லாமல் போகும் வாய்ப்பு 50 வீதம், பதினைந்தில் 36 வீதம். அதாவது பதினைந்திலும் உத்தரவாதம் இல்லை. மூன்றில் ஒருவர் வெறுங்கையோடுதான் வருவார். முப்பது கம்பனிகள் என்றால் 13 வீதத்துக்கு இறங்கும். ஆனால் ஒரு இலட்சத்தைத் தனிப் பங்குதாரராக ஏற்கும் நிறுவுனர் அபூர்வம்.

பதினைந்தில் ஒன்று வென்றதாகவே வைத்து முழுக்கணக்கையும் போட்டுப் பார்ப்போம். ஒன்பது கம்பனிகள் மூடப்படுகின்றன, ஒரு சதமும் வராது. நான்கு கம்பனிகள் பாதிக் காசைத் திருப்பித் தருகின்றன: நான்கு இலட்சம். ஒன்று மூன்று மடங்கு தருகிறது: ஆறு இலட்சம். ஒன்று பத்து மடங்கு: இருபது இலட்சம். மொத்தம் முப்பது இலட்சம். எட்டு வருடம் காத்திருந்து போட்ட காசை அப்படியே எடுத்திருக்கிறீர்கள். அதே தொகை எட்டு வீத வட்டியில் நிலையான வைப்பில் கிடந்திருந்தால், வரிக்கு முன் ஏறக்குறைய ஐம்பத்தைந்தரை இலட்சம் ஆகியிருக்கும். அந்த வைப்பை எட்டிப்பிடிக்கவே அந்த ஒரு கம்பனி பத்து மடங்கல்ல, இருபத்துமூன்று மடங்கு தர வேண்டும்.

இருபத்துமூன்று மடங்கு என்றால் கம்பனி எவ்வளவு வளர வேண்டும்? நீங்கள் போட்ட பிறகு கம்பனியின் பெறுமதி நான்கு கோடி என்றால், உங்கள் இரண்டு இலட்சம் அரை வீதம். அதன்பின் மூன்று சுற்றுகளில் புதிய முதலீட்டாளர்கள் ஒவ்வொரு முறையும் இருபது வீதம் எடுத்துக்கொண்டால் உங்கள் பங்கு 0.256 வீதமாகச் சுருங்கும். அந்தச் சுருங்கிய பங்கு நாற்பத்தைந்தரை இலட்சமாக வேண்டும் என்றால் கம்பனி 178 கோடி ரூபாய்க்கு விலைபோக வேண்டும். ஆகவே பங்கு இருபத்துமூன்று மடங்காகக் கம்பனி நாற்பத்துநான்கு மடங்காக வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு நிறுவுனரிடமும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இந்த வியாபாரம் 178 கோடிக்குப் போக இடம் இருக்கிறதா? நல்ல லாபத்தில் நடக்கும் மூன்று கிளைக் கோப்பிக் கடைக்கு அந்த இடம் இல்லை. அது வங்கிக் கடனில் நடத்த வேண்டிய அருமையான வியாபாரம், இந்தப் பதினைந்தில் ஒன்றல்ல.

ஒன்பது மூடும், நான்கு பாதி தரும், ஒன்று மூன்று மடங்கு, ஒன்று பத்து மடங்கு என்று மேலே வைத்த பங்கீடு நம்மூரில் அளந்து பெற்றதல்ல. கொழும்பில் காசாகித் திரும்பிய முதலீடுகள் மிகச் சில. அவற்றை வைத்து வீதம் சொல்ல முடியாது. அமெரிக்காவில் தொடக்கநிலைக் கம்பனிகளில் சொந்தக் காசைப் போடும் 539 தேவதை முதலீட்டாளர்களின் 1,137 வெளியேற்றங்களை, அதாவது விற்றோ மூடியோ முடிவுக்கு வந்த முதலீடுகளை, தொகுத்து 2007இல் வெளிவந்த ஆய்வில் 52 வீதமானவை போட்டதைவிடக் குறைவாகவே திரும்பின. 7 வீதமானவை பத்து மடங்குக்கு மேல் தந்து, திரும்பிய மொத்தக் காசில் 75 வீதத்தைக் கொண்டுவந்தன. வாங்க ஆள் நிறைந்த சந்தையின் நிலை அது. இங்கே அதைவிட மோசம் என்று வைத்துக் கணக்குப் போடுவதே பாதுகாப்பு.

எல்லாவற்றையும்விட முடிவைத் தீர்மானிப்பது பூட்டுத்தான்: காசு உள்ளே போனபின் வெளியே வர வாசல் இல்லை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி தனியார் கம்பனி பொதுமக்களுக்குப் பங்கு வழங்க முடியாது, ஊழியர்களை விட்டால் ஐம்பது பங்குதாரர்களுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. கம்பனியின் அமைப்பு விதிகளைத் திறந்து பாருங்கள். பங்கை விற்பதானால் முதலில் ஏனைய பங்குதாரர்களிடம் கேட்க வேண்டும், பணிப்பாளர் சபை கைமாற்றத்தைப் பதிய மறுக்கலாம் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். இவற்றைத் தாண்டினாலும் வாங்க ஆள் வேண்டும். கடைசிச் சுற்றில் ஒரு பங்கு ஆயிரம் ரூபாய்க்குப் போனது என்பதால் உங்கள் பழைய பங்கை ஆயிரத்துக்கு யாரும் வாங்குவதில்லை. புதிய முதலீட்டாளரின் காசு கம்பனியின் வளர்ச்சிக்குப் போக வேண்டும் என்றே அவர் விரும்புவார், உங்கள் பைக்கு அல்ல.

நன்றாகப் போன கம்பனியிலும் காலம் இப்படித்தான். 2015இல் ஓடத் தொடங்கிய வாடகை வாகனச் செயலி பிக்மீ கொழும்புப் பங்குச்சந்தையில் பட்டியலானது 2024இல். ஒன்பது வருடம். இடையில் 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் இருநூற்றுச் சொச்சத்தில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பிறகு நிலையான வைப்புக்கு இருபது வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தார்கள். வங்கியில் காசு வைத்திருந்தவர் அந்த வட்டிக்கு மாற்றினார். ஸ்டார்ட்அப்பில் வைத்திருந்தவர் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு வழி இல்லை.

முப்பது இலட்சமும் ஒரே கம்பனியில் பூட்டப்பட்டால் ஒரே நேரத்தில், ஒரே விதியோடு பூட்டப்படுகிறது. வருடத்துக்கு மூன்று நான்காகப் பிரித்துப் போடுபவருக்கோ 2022 போன்ற ஒரு வருடம் வந்தால் அடுத்த இரண்டு இலட்சத்தைப் போடாமல் நிறுத்தும் உரிமை கையில் இருக்கிறது. இந்த முதலீட்டில் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே திரவத்தன்மை அதுதான். என்னை இரண்டாவது வழியில் நிறுத்தியதும் இதுவே.

எவ்வளவு போடலாம் என்பதும் பூட்டிலிருந்தே வருகிறது. குடியிருக்கும் வீடு, நகை, ஊழியர் சேமலாப நிதி, ஒரு வருடக் குடும்பச் செலவு ஆகியவற்றை விலக்கிவிட்டு மிஞ்சும் சேமிப்பில் ஐந்து வீதம். மிக விருப்பமுள்ளவர் பத்து வீதம். முப்பது இலட்சம் போடுபவரிடம் அப்படி மூன்று கோடியாவது இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். அறுபது இலட்சம் உள்ளவருக்கு இது மூன்று முதல் ஆறு இலட்சம்வரைதான். அதில் பதினைந்து கம்பனி ஆகாது, ஆகவே குழுவாகச் சேராமல் தொடங்க வேண்டாம். பத்து வருடத்துக்குள் வரும் பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணத்தை இதற்குள் கொண்டுவரவே கூடாது.

குழுவாகச் சேர்வதற்கும் விலை உண்டு. பலர் சேர்ந்து தனியாக ஒரு கம்பனி பதிந்து, அதன் பெயரில் ஸ்டார்ட்அப் பங்கை வாங்குவார்கள். செயலாளர், கணக்காய்வு, வருடாந்த அறிக்கை என்று வருடம் ஒரு இலட்சம் போனால் எட்டு வருடத்தில் எட்டு இலட்சம். ஒரே ஒரு முதலீட்டுக்கு இருபது இலட்சம் திரட்டிய குழுவுக்கு இது நாற்பது வீதம்! ஒரு கோடியாவது திரளாமல், அல்லது ஒரே கம்பனியைப் பல முதலீடுகளுக்கும் பயன்படுத்தாமல் இந்த ஏற்பாடு தகாது. விற்கும்போது கம்பனிக்கும், பிறகு உங்களுக்கும் வரி எப்படி வரும் என்பதையும் கணக்காளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இருபது இலட்சத்தைப் பத்துக் கம்பனிகளில் போட்டுப் பத்து இலட்சத்தை அடுத்த சுற்றுகளுக்கு ஒதுக்கச் சொல்வோர் உண்டு. நான் அப்படி ஒதுக்குவதில்லை. சிறு முதலீட்டாளரிடம் இரண்டாம் முறை வரும் கோரிக்கை பெரும்பாலும் வளர்ச்சிக்கல்ல, மாதச் சம்பளத்துக்கு. மேலே சொன்ன ஆய்விலும், அதே கம்பனியில் மறுபடி போட்டவர்களின் வருவாய் தாழ்ந்தே இருந்தது. வெளியாள் ஒருவர் புதிய விலையில் பெரிய தொகையோடு வந்தால் மட்டும், அந்த வருடப் புதுக் கம்பனி ஒன்றின் இடத்தை இதற்குக் கொடுக்கலாம்.

கம்பனி சரிகிறது என்பதை வங்கி மீதியை மாதச் செலவால் வகுத்தால் காணலாம். ஆறுக்குக் கீழே வந்தால் நிறுவுனர் அடுத்த காசைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த எண்ணைத் தராதபோது ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று கேளுங்கள். காசு முட்டுப்படும் கம்பனி முதலில் பிற்போடுபவற்றில் இவையும் அடங்கும், நிலுவை பற்றுச்சீட்டில் தெரிந்துவிடும்.

காசு கொடுக்கும் நாளில், எந்த வழியானாலும், அது நிறுவுனரின் சொந்தக் கணக்குக்கல்ல, கம்பனியின் கணக்குக்குப் போக வேண்டும். பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் பிரதி, கம்பனிப் பதிவாளரிடம் புதிய பங்கு வழங்கியதை அறிவித்த படிவம் 6, பங்குச் சான்றிதழ், பங்குப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும் பக்கம் ஆகிய நான்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். பிற்பாடு விற்கும் வேளையில் இவற்றில் ஒன்று குறைந்தாலும் வாங்குபவரின் சட்டத்தரணி அங்கேயே நிறுத்திவிடுவார்.

எந்தக் கம்பனியின் பங்கு என்பதையும் பாருங்கள். மென்பொருள் உரிமை சிங்கப்பூர்த் தாய்க் கம்பனியிடம் இருந்து, உங்களுக்குத் தருவது கொழும்பில் சம்பளம் கொடுக்கும் கிளைக் கம்பனியின் பங்கு என்றால், நாளை யாராவது வாங்கும்போது காசு சிங்கப்பூரில் கைமாறும், உங்கள் பங்கு தொடப்படாமல் கிடக்கும். தாய்க் கம்பனியிலேயே பங்கு வேண்டுமானால் ரூபாயை வெளியே அனுப்ப வேண்டும். அது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்குள் வருகிறது. எனவே நிறுவுனரிடம் சம்மதம் சொல்வதற்கு முன் உங்கள் வங்கியில் அனுமதி நிலவரத்தைக் கேட்டுவிட்டு வாருங்கள்.